துவைக்கும் அறைச் சுவரில் என்ன எழுத வேண்டும்?

வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதிகளில் துணி துவைக்கும் அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதிகத் துணி போடாதீர்கள், இரவு பத்து மணிக்கு மேல் மெஷினைத் தொடாதீர்கள், துணி காணாமல் போனால் நிர்வாகம் பொறுப்பல்ல. அநேகமாக இவ்வளவுதான். ஆனால் அந்த அறையில் நடக்கும் சண்டை பெரும்பாலும் இந்த மூன்றைப் பற்றியும் இருக்காது. மெஷின் ஓடி முடிந்து வெகுநேரமாகிவிட்டது, துணிக்கு உரியவரைக் காணோம், அடுத்தவர் வாளியோடு நிற்கிறார். அந்தத் துணியை வெளியே எடுக்கலாமா, கூடாதா? அறிவிப்பு இதற்குப் பதில் சொல்லாததால்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் குரல் உயர்கிறது.

ஏன் ஞாயிறு? வேலைக்குப் போகும் பலருக்கும் துவைக்க நேரம் கிடைப்பது அன்றுதான். அந்த நெரிசலைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோவையில் 60 பேர் தங்கும் ஒரு விடுதி, 7 கிலோ மெஷின் இரண்டு என்று வைத்துக்கொள்வோம். துவைத்து, அலசி, பிழிந்து முடிக்க ஒரு மணி நேரம். போட, எடுக்க இன்னொரு கால் மணி. காலை 6 முதல் இரவு 10 வரை ஒரு மெஷினில் 12 முறை துவைக்கலாம். இரண்டிலும் சேர்த்து 24 பேர். ஒவ்வொருவரும் அரை மணி தாமதமாக வந்து துணியை எடுத்தால் அந்த 24 என்பது 18 ஆகிவிடும். மெஷின் பழுதாகாமலேயே ஆறு பேருக்கு அன்றைக்குத் துவைக்க முடியாமல் போகிறது. இன்னொரு மெஷின் வாங்கித் தரச் சொல்லிக் கேட்பதற்கு முன் இந்தத் தாமதத்தைக் குறைத்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

ஆகவே அறிவிப்பின் முதல் வரி இதைப் பற்றியதாக இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் இப்படி எழுதுவேன்: “மெஷின் நின்று 15 நிமிடம் வரை உரியவருக்காகக் காத்திருங்கள். பலகையில் எழுதியிருக்கும் அறை எண்ணுக்கு ஒரு முறை போன் செய்யுங்கள். வராவிட்டால், சுத்தமான கையால் துணியை எடுத்து அலமாரியில் உள்ள காலிக் கூடையில் போட்டு, அறை எண்ணையும் நேரத்தையும் சீட்டில் எழுதி வையுங்கள். பிறர் துணியை மடிக்கவோ காயப்போடவோ தரையில் வைக்கவோ வேண்டாம்.” இந்த நான்கு வாக்கியத்தில் இரண்டு பேருக்கும் பாதுகாப்பு இருக்கிறது. எடுப்பவருக்கு அனுமதி கிடைக்கிறது. உரியவருக்குத் தன் உள்ளாடையை யார் கையாண்டார்கள், எங்கே போட்டார்கள் என்ற சங்கடம் குறைகிறது. இந்த விதி நடக்க வேண்டுமானால் விடுதி ஒரு வெள்ளைப் பலகையும் நாலைந்து கூடையும் வாங்கி வைக்க வேண்டும். கூடை வைக்காமல் கூடையில் போடுங்கள் என்று எழுதும் நிர்வாகங்களும் உண்டு.

நாள்கணக்கில் கிடக்கும் துணி வேறு விஷயம். “மூன்று நாளில் எடுக்காவிட்டால் தூக்கி எறியப்படும்” என்று எழுதுவது மிரட்டலாகத்தான் நிற்கும். கண்டெடுத்த பிறர் பொருளைத் தன் வசம் எடுத்துக்கொள்பவர், ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பவரைப் போலவே அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 71ஆம் பிரிவில். மறந்துபோய் விட்டுச்சென்ற துணிக்கும் அதே நியாயம்தான். வார்டன் அதை உலர்த்தி, பையில் கட்டி, தேதி எழுதி வைத்து, விடுதியின் வாட்ஸ்அப் குழுவில் சொல்வதே சரியான வழி. படம் போட வேண்டாம். “நீல நிறச் சுடிதார் ஒன்று அலுவலகத்தில் இருக்கிறது” என்றால் போதும்.

கறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில விடுதிகளில் மாதவிடாய்க் கறை பட்ட துணியை மெஷினில் போடக் கூடாது என்று கொட்டை எழுத்தில் ஒட்டுகிறார்கள். கூச்சப்பட வைப்பதைத் தவிர அதனால் பயனில்லை. எந்த ரத்தக் கறையையும் முதலில் குளிர்ந்த நீரில் அலசிவிட்டுப் போடுங்கள் என்று பொதுவாக எழுதினால் போதும். சூடான நீர் பட்டால் ரத்தம் துணியில் ஊறி நின்றுவிடும் என்பதே காரணம். படர்தாமரை, சிரங்கு உள்ளவர்கள் தங்கள் துணியைத் தனியாக, வெந்நீர் வசதி இருந்தால் 60 டிகிரியில் போட வேண்டும். இதையும் பெயர் சுட்டாமல் எழுதலாம்.

அடுத்தது மெஷின். “அதிகத் துணி போடாதீர்கள்” என்றால் எவ்வளவு அதிகம்? 7 கிலோ என்று மெஷினில் போட்டிருப்பது உலர்ந்த துணியின் எடை. அதுவும் பருத்தித் துணிக்கான முழு நேர ஓட்டத்துக்கு. அவசர ஓட்டத்துக்கும் சிந்தெடிக் துணிக்கும் இதில் பாதியோ அதற்கும் குறைவோதான். விடுதியில் யாரிடமும் தராசு கிடையாது என்பதால் கையளவைச் சொல்வதே நல்லது. முன்பக்கக் கதவுள்ள மெஷினில் துணியைப் போட்ட பிறகு மேலே ஒரு கை நுழைய இடம் இருக்க வேண்டும். இடமில்லாவிட்டால் துணி புரளாது, அழுக்கும் போகாது. பிழியும்போது மெஷின் இடம்விட்டு நகரும் அளவுக்குக் குலுங்கும். தனியாக ஒரு கனத்த போர்வையைப் போட்டாலும் இதே குலுக்கல் வரும், ஏனென்றால் நீர் குடித்த போர்வை ஒரே பக்கமாகச் சேர்ந்துவிடுகிறது. அப்போது மெஷினை நிறுத்தித் துணியைப் பிரித்துப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

சோப்புத்தூளும் அப்படித்தான். கையால் துவைக்கும் தூளை முன்கதவு மெஷினில் போட்டால் நுரை கட்டுக்கடங்காது. தூளைக் கூட்டினால் வெளுப்பு கூடும் என்ற நம்பிக்கையும் தவறு. கறுப்புத் துணி காய்ந்ததும் வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் தூள் அதிகம் என்று அர்த்தம். நீர் வடியாமல் மெஷின் நின்றால், சட்டைப்பையில் மறந்த நாணயமோ ஹேர்பின்னோ ஊக்கோ வடிகுழாய்ப் பக்கம் போயிருக்க வாய்ப்பு அதிகம். அடியில் உள்ள வடிகட்டியைத் திறந்து எடுக்க வேண்டியது பராமரிப்பவர் வேலை; அடுத்து நிற்பவர் திறந்தால் அறை முழுக்க வெள்ளம்தான். கதவு உடனே திறக்கவில்லை என்று இழுத்து உடைப்பதும் அடிக்கடி நடக்கிறது. முன்கதவு மெஷின் நின்ற பிறகும் பூட்டு விடுபட ஓரிரு நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் தங்குபவர் கடமை. இனிச் சொல்வது தங்குபவரின் நல்ல பழக்கத்தால் தீராதது. ஈரக் கையோடு மெஷின் உடம்பைத் தொட்டால் சுளீர் என்று இருக்கிறது என்றால், அதைச் சின்ன ஷாக் என்று விட்டுவிடக் கூடாது. எர்த் இணைப்பு சரியில்லை, உள்ளே எங்கோ மின்சாரம் கசிகிறது என்பதற்கு அதுவே அறிகுறி. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் ஒருவருக்கு அடுத்த முறை அது உயிரை வாங்கலாம். உடனே துணியை எடுக்கப் போகாமல், உலர்ந்த கையால், செருப்போடு நின்று சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கின் மேல் “ஷாக் அடிக்கிறது, போடாதீர்கள்” என்று எழுதி ஒட்டிவிட்டு வார்டனைக் கூப்பிட வேண்டும். சுவிட்சே ஈரமாக இருந்தால் அதைத் தொடாமல் மெயினை அணைக்கச் சொல்ல வேண்டும்.

வெந்நீர் போடும் மெஷின் இரண்டு கிலோவாட் வரை மின்சாரம் இழுக்கும். அதற்குச் சுவரிலேயே 16 ஆம்பியர் பிளக் வேண்டும்; எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டு வைத்திருந்தால் அது தங்குபவர் தவறல்ல. மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்பியர் அளவில், அந்த அறைக்கு இருக்கிறதா என்று கேட்கலாம். அதில் ‘T’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். ஆனால் அந்தச் சோதனை ஆர்சிசிபி வேலை செய்கிறது என்பதை மட்டும்தான் காட்டும். எர்த் சரியாக இருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியன்தான் அளந்து சொல்ல வேண்டும். கடைசியாக எர்த் பார்த்த தேதி அந்த அறிவிப்பின் அடியில் எழுதியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. தங்குபவருக்குப் பத்துக் கட்டளை போடும் தாளில் நிர்வாகத்துக்கு ஒன்றாவது இருக்கட்டும்.

“நிர்வாகம் பொறுப்பல்ல” என்ற வரிக்கு வருவோம். அறை வாடகையோடு சேர்த்து மெஷினுக்கும் பணம் வாங்கும் தனியார் விடுதி ஒரு சேவையை விற்கிறது. அந்தச் சேவையில் குறை இருந்தால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கேள்வி கேட்கலாம். சுவரில் ஒட்டிய ஒரு வரி, அலட்சியத்துக்கான பொறுப்பைத் தானாகக் கழுவிவிடாது. அதற்காக எல்லா நஷ்டத்தையும் விடுதி தலையில் கட்டவும் முடியாது. ஓர் உதாரணத்தில் பார்க்கலாம்.

மெஷினின் உள்தொட்டியில் ஓரிடத்தில் விளிம்பு உடைந்து துருத்திக்கொண்டிருக்கிறது. பத்தாம் தேதி ஒருவர் தன் துப்பட்டா நூல் இழுபட்டதாக வார்டனுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார். சரி பார்க்கிறேன் என்று பதில் வருகிறது. யாரும் மெஷினை நிறுத்தவில்லை. பன்னிரண்டாம் தேதி இன்னொருவரின் 1,800 ரூபாய் சுடிதார் கிழிகிறது. இங்கே இரண்டாமவரின் வழக்கைத் தாங்கி நிற்பது முதலாமவர் அனுப்பிய செய்திதான். குறை தெரிந்தும் நிர்வாகம் சும்மா இருந்தது என்பதற்கு அது சாட்சி. மாறாக, முன்னால் துவைத்தவர் விட்டுச்சென்ற சிவப்புக் கைக்குட்டையால் வெள்ளைச் சட்டையில் சாயம் ஏறியிருந்தால் விடுதியைக் குறை சொல்வது கடினம். உள்ளே கைவிட்டுப் பார்த்துவிட்டுப் போட வேண்டியது நம் வேலை.

அபராதத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். மெஷின் கெட்டுப்போனதும் பழுதுபார்த்த 2,400 ரூபாயை 60 பேருக்கும் 40 ரூபாயாகப் பங்குபோட்டு முன்பணத்தில் கழிக்கிறார்கள். யார் கெடுத்தார் என்று தெரியாமல், பெல்ட் தேய்ந்துபோன வழக்கமான பழுதுக்கு இப்படி வசூலிப்பது நியாயமல்ல. ஒப்பந்தத்தில் அபராதத் தொகை எழுதியிருந்தாலும், அந்தத் தொகைக்கு மிகாத நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. பழுதுக்கான பில்லைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

சுடிதார் கிழிந்தவர் செய்ய வேண்டியது இதுதான். துணியையும் உடைந்த விளிம்பையும் அன்றே படமெடுத்து, வாங்கிய ரசீதோடு நிர்வாகத்துக்கு எழுத்தில் கேட்டு, பதிலுக்கு ஒரு கெடு தர வேண்டும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இவ்வளவு சிறிய தொகைக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் தானே வாதாடலாம், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஷாக் அடிக்கும் மெஷினைப் பலமுறை சொல்லியும் மாற்றாத விடுதி என்றால் நஷ்டஈடு வரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மகளிர் விடுதிகள் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற்றே நடக்க வேண்டும், உரிமம் தருபவர் மாவட்ட ஆட்சியர். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் படங்களையும் வார்டனுக்கு அனுப்பிய செய்திகளையும் இணைத்து நான்கைந்து பேர் கையெழுத்திட்டு மனு கொடுக்கலாம்.