தோட்டத்து விலையும் கடை விலையும்: இடையிலுள்ள ரூபாய் யாருக்கு?

தக்காளி விலை உயரும்போதெல்லாம் இடைத்தரகர்களே பழிக்கு ஆளாகின்றனர். நுகர்வோர் தக்காளிக்குச் செலவிடும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் உழவரைச் சென்றடைவது ஏறத்தாழ 33 ரூபாய்தான் என்று ரிசர்வ் வங்கி 2024ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று மதிப்பிட்டது. எஞ்சிய 67 ரூபாய் முழுவதும் எவருடைய இலாபமும் அன்று. அது எவ்வாறு பிரிகிறது என்பதை ஒரு கணக்கின் வழியே காண்போம்.

கர்நாடகத்தின் கோலார், நாட்டின் பெரிய தக்காளிச் சந்தைகளுள் ஒன்று. இத்தகைய சந்தையிலிருந்து தொலைவிலுள்ள நகரத்திற்கு 1,000 கிலோ தக்காளி செல்வதாகக் கொள்வோம். கீழ்வரும் தொகைகள் விளக்கத்திற்காக எடுத்துக்கொண்டவை.

ஏலத்தில் கிலோ 15 ரூபாய்க்கு விற்றால் 15,000 ரூபாய். இதில் சந்தைக்குக் கொண்டுவரும் வண்டிக்கூலி, பெட்டி வாடகை, இறக்குகூலி 1,500 ரூபாயும் தரகு 1,200 ரூபாயும் போக, உழவர் கையில் நிற்பது 12,300 ரூபாய். தரகை விற்பவர் தர வேண்டுமா, வாங்குபவர் தர வேண்டுமா என்பது மாநில விதிகளுக்கேற்ப மாறும். வாங்குபவர் தருவதாயினும், அதனை மனத்திற்கொண்டு குறைத்தே அவர் ஏலம் கேட்பார்.

ஏலத்தில் எடுத்த வணிகர், தரம் பிரித்தல், ஏற்றுகூலி, லாரி வாடகை ஆகியவற்றிற்கு 4,000 ரூபாய் செலவிடுகிறார். வழியில் நசுங்கி வீணாவது போக நகரத்தில் இறங்குவது 950 கிலோ. அதை மொத்தச் சந்தையில் கிலோ 22 ரூபாய்க்கு விற்று, அங்குள்ள தரகு 1,045 ரூபாயையும் கொடுத்தபின் அவருக்கு மிஞ்சுவது 855 ரூபாய். கிலோவுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை; அவருடைய வருமானம் நாள்தோறும் கைமாறும் சரக்கின் அளவைப் பொறுத்தது.

அடுத்தவர் சில்லறை வியாபாரி. அந்த 950 கிலோவைப் பத்தொன்பது பேர் ஆளுக்கு 50 கிலோவாக வாங்குகின்றனர் என்போம். வண்டிக்கூலியும் பிற செலவும் 1,900 ரூபாய். அழுகல், எடைக்குறைவு போக விலைபோவது 836 கிலோ. கிலோ 33 ரூபாய்க்கு விற்றால் மொத்த ஆதாயம் 4,788 ரூபாய். சங்கிலியில் மிகப் பெரிய ஆதாயம் இதுவே. ஆயினும் பத்தொன்பது பேருக்குப் பகிர்ந்தால் ஒருவருக்கு 252 ரூபாய். அது ஒரு நாள் உழைப்பின் கூலி.

உழவருக்குக் கிடைத்த 12.30 ரூபாய்க்கும் கடையின் 33 ரூபாய்க்கும் இடைவெளி கிலோவுக்கு 20.70 ரூபாய். புறப்பட்ட ஆயிரம் கிலோவுக்கும் கணக்கிட்டால் 20,700 ரூபாய். ஆனால் 164 கிலோ விற்கப்படவே இல்லை. அதன் கடை மதிப்பு 5,412 ரூபாய். ஆக, இடைவெளியில் கால் பங்கிற்கும் மேல் எவர் கைக்கும் போகாமல் குப்பைக்குப் போயிற்று. உறுதியான பெட்டியும் விரைவான போக்குவரத்தும் மீட்கக்கூடிய பணம் இதுதான்.

இனி, வரத்து மிகுந்து ஏல விலை 5 ரூபாயாக வீழ்வதாகக் கொள்வோம். தரகு விழுக்காட்டுக் கணக்கில் குறையும். லாரி வாடகையும் கூலியும் குறையா. பிற செலவுகளும் ஆதாயங்களும் முன்போலவே இருந்தால், கடை விலை 20 ரூபாய்க்குச் சற்று மேல் நிற்கும். உழவர் விலை மூன்றில் இரு பங்கு வீழ, நுகர்வோர் விலை ஐந்தில் இரு பங்குகூடக் குறைவதில்லை. நுகர்வோர் கொடுக்கும் மொத்தத் தொகையில் உழவரின் பங்கு 45 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகச் சுருங்கும். விலை இன்னும் இறங்கிப் பறிகூலிக்கும் வண்டிக்கும் கட்டாதபோதுதான் தக்காளி சாலையோரம் கொட்டப்படுகிறது.

அப்படியானால் இடைத்தரகர் சுரண்டலே இல்லையா? உண்டு. அது பெரும்பாலும் போட்டி குறையும் இடத்தில் நேர்கிறது. விதைக்கும் உரத்திற்கும் முன்பணம் தந்த தரகரிடமே விளைச்சலைக் கொண்டுசெல்லக் கட்டுப்பட்ட உழவர், வேறு மண்டியில் விலை கேட்க இயலாது. முன்பணத்தின் வட்டி, குறைந்த விலையாகவும் கூடுதல் எடைக் கழிவாகவும் மறைந்து நிற்கும். ஒரே நாளில், ஒரே தரச் சரக்கிற்கு, முன்பணம் பெறாத பக்கத்துத் தோட்டத்தார் பெற்ற விலையோடு ஒப்பிட்டால் அது வெளிப்படும்.

உழவர் கடன் அட்டையின் பயன் இங்கே தெளிவாகிறது. 3 இலட்சம் ரூபாய் வரையிலான குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு, வட்டி மானியத் திட்டத்தின்கீழ் 7 விழுக்காடு வட்டி. உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துவோருக்கு அது 4 விழுக்காடாகக் குறைகிறது. இக்கடன் லாரி வாடகையையோ அழுகலையோ குறைக்காது. எந்த மண்டியில் விற்பது என்னும் உரிமையை மட்டும் உழவரிடமே விட்டுவைக்கும்.