இலக்கத்தைச் சொல்லுமுன் செய்தியை வாசியுங்கள்

ஊரை விட்டுக் கொழும்புக்கு வந்த குடும்பங்களுக்கு முதலில் தேவைப்படுவது வாடகை அறையும் வேலையும். இவ்விரண்டையும் தேட இன்று கைத்தொலைபேசி வேண்டும். டேட்டாவுக்குக் காசு இல்லாதபோது பஸ் நிலையத்திலோ சாப்பாட்டுக் கடையிலோ கிடைக்கும் இலவச வைஃபையை நாடுகிறோம். நிவாரணப் பணமும் கூலியும் வங்கிக் கணக்கிற்கே வருகின்றன. புதியவர் ஏமாறும் இடங்களும் இவைதான்.

வைஃபை கேட்கக் கூடியது எது?

பொது வைஃபையில் இணையும்போது சில இடங்களில் ஒரு பக்கம் திறந்து, தொலைபேசி இலக்கத்தைக் கேட்கும். பின் ஓர் இலக்கம் குறுஞ்செய்தியாக வரும். அதைப் பதிந்ததும் இணைப்புக் கிடைக்கும். இது வழமையானதே. ஆனால் வங்கிக் கணக்கு இலக்கம், கார்ட் இலக்கம், வங்கிக் கடவுச்சொல் ஆகியவை வைஃபைக்கு ஒருபோதும் தேவையில்லை. இவற்றைக் கேட்கும் பக்கத்தை உடனே மூடிவிடுங்கள். இணைப்பின் பெயரை எவரும் தம் விருப்பப்படி வைக்கலாம். ஆகவே கடையின் பெயர் தெரிவது மட்டும் நம்புவதற்குப் போதாது. எது தங்கள் வைஃபை என்று கடைக்காரரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இணையப் பக்கம் திறக்கும்போது `Your connection is not private` என்ற எச்சரிக்கை வந்தால் மேலே போகாதீர்கள். பூட்டுச் சின்னம் தெரிந்தாலும், வழியில் பிறர் வாசிக்க முடியாது என்பதே அதன் பொருள். பக்கத்தை நடத்துபவர் நேர்மையானவர் என்று அது சொல்லவில்லை. பணம் அனுப்பும்போது வைஃபையை நிறுத்திவிட்டு உங்கள் சிம்மின் டேட்டாவைப் பாவிப்பதே நல்லது. அதற்குச் செலவாகும் டேட்டா மிகச் சிறிது.

ஓர் உதாரணம்

வன்னியிலிருந்து வந்த ஒரு தாய்க்குத் தொலைபேசி அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். “அம்மா, உங்களுக்கு 25,000 ரூபா நிவாரணம் வந்திருக்கிறது. கணக்கு இலக்கத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் சொல்லுங்கோ” என்கிறார் ஒருவர். தாய் சொல்கிறார். சற்று நேரத்தில் ஆறு இலக்கங்கள் கொண்ட குறுஞ்செய்தி வருகிறது. “அதையும் சொன்னால் காசு விழும்” என்கிறார் அவர்.

இங்கே நடப்பது என்ன? அழைத்தவர் தமது கைத்தொலைபேசியில் உள்ள கட்டணச் செயலி ஒன்றுடன் அந்தத் தாயின் கணக்கை இணைக்க முயல்கிறார். கணக்கு இலக்கமும் அடையாள அட்டை இலக்கமும் அதற்கே கேட்கப்பட்டன. கணக்குக்குரியவர் சம்மதிக்கிறாரா என்று பார்க்கவே அந்த ஆறு இலக்கங்கள் வருகின்றன. இதனை OTP என்பர். சொல்லிவிட்டால் கணக்கிலுள்ள பணம் அவர் கைக்குப் போய்விடும்.

உங்கள் கணக்கிற்குப் பணம் வைப்பதற்குக் கணக்கு இலக்கமும் பெயரும் வங்கியும் கிளையும் போதும். பணம் பெறுவதற்கு OTP தேவையே இல்லை. யார் அழைத்தாலும் அவசரப்படாமல் குறுஞ்செய்தி முழுவதையும் வாசியுங்கள். அது எந்த வங்கியிலிருந்து, எதற்காக வந்தது என்று பெரும்பாலும் அதிலேயே இருக்கும். ஆங்கிலம் விளங்காவிட்டால் வீட்டிலுள்ள பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அதுவரை இலக்கத்தைச் சொல்லாதீர்கள்.

கடையில் QR

கடைகளில் LANKAQR அடையாளத்தை ஸ்கேன் செய்வது பணம் கொடுப்பதற்கே. ஸ்கேன் செய்ததும் திரையில் பெறுபவரின் பெயர் தோன்றும். அது இந்தக் கடையின் பெயர்தானா என்று பாருங்கள். உண்மையான அடையாளத்தின் மேல் வேறொன்றை ஒட்டிவிடுபவர்களும் உண்டு. பெயர் வேறாக இருந்தால் கடைக்காரருக்குக் காட்டிக் கேளுங்கள். 680 ரூபாவை 6,800 என்று பதிந்துவிடாமல் தொகையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய சிம்

இடம்பெயர்ந்தபோது பலர் சிம்மைத் தொலைத்துப் புதிய இலக்கம் எடுத்திருப்பீர்கள். வங்கியிலோ பழைய இலக்கமே பதிந்திருக்கும். நீண்டநாள் பாவிக்காத இலக்கம் பின்னர் வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். அப்போது உங்கள் வங்கிச் செய்திகள் அவரிடம் போகும். அடையாள அட்டையுடன் வங்கிக் கிளைக்குச் சென்று இலக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏமாந்துவிட்டால்

வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். கார்ட்டின் பின்புறத்திலுள்ள வங்கி இலக்கத்திற்கு உடனே அழையுங்கள். இணையத்தில் தேடி எடுக்கும் இலக்கம் போலியாக இருக்கலாம். கார்ட்டையும், கணக்கின் இணையவழி, செயலிவழிக் கொடுப்பனவுகளையும் நிறுத்தச் சொல்லுங்கள். அழைப்பு வந்த இலக்கம், நேரம், போன தொகை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு பொலிஸில் முறையிடுங்கள். குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள், அவையே உங்கள் சாட்சி. போன பணம் திரும்பி வரும் என்ற உறுதியில்லை. ஆனால் முதல் சில நிமிடங்களில் அறிவித்தால் மீதிப் பணத்தையாவது காப்பாற்றலாம்.