ஒரே கேமரா வீடியோவில் 'பன்ச்-இன் ஜூம்': நான்கு கீஃப்ரேம் ஏன் தேவை?

கேமராவை அசைக்காமல் எடுத்த பேட்டி அது. பேசுபவர் 12வது செகண்டில் முக்கியமான விஷயத்தைத் தொடங்கி, 16வது செகண்டில் முடிக்கிறார். அதை மட்டும் கிட்டத்தில் காட்டுவது எப்படி?

பிரீமியர் ப்ரோவில் Effect Controls போய், 12வது செகண்டில் Scale பக்கத்திலுள்ள ஸ்டாப்வாட்ச் குறியை அழுத்தி 100 என வைக்கணும். 6 ஃப்ரேம் தள்ளி 115. 16வது செகண்டில் மறுபடியும் 115, அதிலிருந்து 6 ஃப்ரேம் தள்ளி 100. மொத்தம் நான்கு கீஃப்ரேம்.

பலர் விட்டுவிடுவது மூன்றாவதைத்தான். அது இல்லையென்றால், ஜூம் ஆன உடனேயே படம் மெல்லப் பின்வாங்கத் தொடங்கிவிடும்.

Scale நடுப்புள்ளியிலிருந்தே பெரிதாக்கும். தலை வெட்டுப்பட்டால், அதே நான்கு இடங்களில் Position-க்கும் கீஃப்ரேம் வைத்து, ஜூம் இருக்கும்வரை படத்தைச் சற்றே கீழிறக்கினால் போதும்.