எத்தனை டன் ஏ.சி. வேண்டும்?

ஆபீசுக்கு ஏ.சி. போட வேண்டும் என்று சொன்னதும் காண்ட்ராக்டர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை சதுர அடி சார்?" 2,000 என்றால், 150 சதுர அடிக்கு ஒரு டன் என்று வகுத்து, 13 டன்னுக்கு மேல் சொல்லிவிடுவார். அந்த அறைக்குள் எவ்வளவு வெப்பம் வருகிறது என்று அவர் கேட்கவே இல்லை. ஏ.சி.க்கு உள்ள ஒரே வேலை அந்த வெப்பத்தை வெளியேற்றுவதுதான்.

டன் என்பது இயந்திரத்தின் எடை அல்ல. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வேகம். அதாவது சுமார் மூன்றரை கிலோவாட்.

சென்னையில் நடுமாடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2,000 சதுர அடி, 30 பேர், மேற்கே 20 சதுர மீட்டர் சாதாரண கண்ணாடி. மே மாதம், மாலை 4 மணி. வெளியே 38 டிகிரி, உள்ளே 24 டிகிரியும் 55 சதவீத ஈரப்பதமும் வேண்டும். இவைதான் நம் அனுமானங்கள். இவற்றில் ஒன்று மாறினாலும் விடை மாறும்.

முதலில் அந்தக் கண்ணாடி. மாலை வெயில் நேராக விழும் நேரத்தில் ஒரு சதுர மீட்டர் வழியாக 400 வாட் வெப்பம் உள்ளே வருவதாகக் கொண்டால், 20 சதுர மீட்டருக்கு 8 கிலோவாட். வெளிக்காற்றின் சூடு கண்ணாடி வழியே கடந்து வருவது தனியாக ஒன்றரை. சுவர்கள் ஒன்றரை. மேலே இன்னொரு தளம் இருப்பதால் கூரை வெப்பம் இல்லை. இதே ஆபீஸ் மொட்டைமாடிக்குக் கீழே இருந்திருந்தால் கணக்கே வேறு.

விளக்குகளுக்கு 2 கிலோவாட். கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாம் சேர்த்து மூன்றரை. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கருவியின் பின்னால் அச்சிட்டிருக்கும் வாட்டை அப்படியே கூட்டுகிறார்கள். அது அந்தக் கருவி இழுக்கக்கூடிய உச்சம். அன்றாட வேலையில் அதில் ஒரு பகுதிதான் செலவாகிறது.

உட்கார்ந்து வேலை செய்பவர் ஒருவர் உடலிலிருந்து சுமார் 130 வாட் வெளியாகிறது. அதில் 75 நேரடி வெப்பம். மீதி 55 மூச்சிலும் வியர்வையிலும் ஈரமாக வருகிறது. 30 பேருக்கு 4 கிலோவாட்.

கடைசியாக, சதுர அடிக் கணக்கில் வராத சுமை: வெளிக்காற்று. மூடிய அறையில் 30 பேர் மூச்சுவிட வேண்டும். ஆளுக்கு விநாடிக்கு இரண்டரை லிட்டர், அதோடு தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 0.3 லிட்டர் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. இந்த ஆபீசுக்கு அது விநாடிக்கு சுமார் 130 லிட்டர். கடற்கரை ஊரின் புழுக்கக் காற்றைக் குளிர்வித்து ஈரத்தையும் பிழிந்தெடுக்க 6 கிலோவாட் ஆகிறது. அதில் பாதிக்கு மேல் ஈரத்துக்கே போகிறது.

எல்லாவற்றையும் கூட்டினால் இருபத்தாறரை கிலோவாட், அதாவது ஏழரை டன். பத்து சதவீதம் கூடுதலாக வைத்தாலும் எட்டரை டன்னைத் தாண்டாது. கிழக்கிலும் ஜன்னல் இருந்தால் அதன் காலை உச்சத்தை இதில் சேர்க்கக் கூடாது. காலை வெயிலும் மாலை வெயிலும் ஒரே நேரத்தில் அடிப்பதில்லை.

"கொஞ்சம் பெரிசாவே இருக்கட்டும், நல்லதுதானே?" என்று கேட்பார்கள். நல்லதில்லை. பெரிய இயந்திரம் ஐந்தே நிமிடத்தில் 24 டிகிரியைத் தொட்டு கம்ப்ரசரை நிறுத்திவிடும். காற்றின் ஈரம் குளிர்ந்த காயிலில் படிந்து, சொட்டி, வடிகுழாய் வழியே வெளியேற நேரம் வேண்டும். கம்ப்ரசர் நின்றபின்னும் விசிறி ஓடினால், காயிலில் தங்கிய ஈரம் அறைக்கே திரும்பிவிடும். அறை சில்லென்றும் இருக்கும், பிசுபிசுவென்றும் இருக்கும். புழுக்கம் தாங்காமல் யாராவது 20 டிகிரிக்குக் குறைப்பார்கள். பக்கத்து மேசைக்காரர் சால்வையோடு உட்கார்ந்திருப்பார். இன்வெர்ட்டர் இயந்திரம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு இதை ஓரளவு சமாளிக்கும். ஆனால் அதற்கும் ஒரு கீழ்வரம்பு உண்டு.

இதைக் கண்டுபிடிக்க ஈரப்பதமானி ஒன்று போதும். அறை 24 டிகிரியில் இருந்தும் ஈரப்பதம் 65-ஐத் தாண்டி, மே மாத மாலையிலும் கம்ப்ரசர் அடிக்கடி நின்று நின்று ஓடினால், டன் அதிகம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஏ.சி. வாங்குவதற்கு முன் அந்த மேற்குக் கண்ணாடியை ஒருமுறை பாருங்கள். வெயில் வெப்பத்தில் கால் பங்கை மட்டும் உள்ளே விடும் கண்ணாடியைப் போட்டால், இதே கணக்கில் சுமார் 5 கிலோவாட் குறையும். கிட்டத்தட்ட ஒன்றரை டன். காண்ட்ராக்டரிடம் விலைப் பட்டியலோடு வெப்பக் கணக்குத் தாளையும் கேளுங்கள். வெளி வெப்பநிலை, ஆட்கள், கண்ணாடியின் திசை, வெளிக்காற்றின் அளவு ஆகிய நான்கும் அதில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.