பதினான்காம் இருக்கைக்கு இரண்டு டிக்கெட்

சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் இரவுப் பஸ் விழுப்புரத்தில் நிற்கிறது. அங்கே ஏறியவரிடம் மதுரை வரை 14-ஆம் எண் இருக்கைக்கு டிக்கெட் இருக்கிறது. ஆனால் அந்த இருக்கையில் சென்னையில் ஏறிய ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். அவர் திருச்சி வரை போகிறவர். அவர் டிக்கெட்டிலும் 14 என்றுதான் அச்சாகியிருக்கிறது. இரண்டுமே செல்லுபடியாகும் டிக்கெட். இருவரிடமும் பணம் வாங்கியாகிவிட்டது.

இப்படி நடந்தால் 'சர்வர் கோளாறு' என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் சர்வரில் எந்தக் கோளாறும் இருக்காது. சொன்ன வேலையைச் சொன்னபடி அது செய்திருக்கும். தவறு எங்கே என்று பார்க்க, முன்பதிவு நடக்கும் அந்த ஒரு விநாடியைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பஸ் நிற்கும் ஊர்களுக்கு எண் கொடுத்துக்கொள்வோம்: சென்னை 1, விழுப்புரம் 2, திருச்சி 3, மதுரை 4. முதல் பயணி கேட்பது 1-லிருந்து 3 வரை. இரண்டாமவர் கேட்பது 2-லிருந்து 4 வரை. விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் இடைப்பட்ட தூரத்தில் இரண்டும் மோதுகின்றன. மென்பொருள் ஒவ்வொருவருக்கும் இரண்டு வேலை செய்கிறது. முதலில், 'இந்த இருக்கையில் இந்தத் தூரத்தோடு மோதும் முன்பதிவு ஏதாவது உண்டா?' என்று டேட்டாபேஸைக் கேட்கிறது. இல்லை என்று பதில் வந்தால் புதிய முன்பதிவை எழுதுகிறது.

இருவரும் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினால், முதலாமவருக்காகக் கேட்ட கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வருகிறது. அவருடைய முன்பதிவு எழுதப்படுவதற்குள் இரண்டாமவருக்காகவும் அதே கேள்வி போகிறது. இன்னும் எதுவும் எழுதப்படாததால் அதற்கும் 'இல்லை' என்றே பதில். பிறகு இரண்டு முன்பதிவுகளும் எழுதப்படுகின்றன. கேட்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் சில மில்லி விநாடி இடைவெளிதான் இருக்கிறது. தீபாவளிக் கூட்டத்தில் அந்த இடைவெளிக்குள் இன்னொருவர் நுழைந்துவிடுவார்.

ஒரு பரிவர்த்தனை நடந்துகொண்டிருக்கும்போது, பக்கத்தில் நடக்கும் மற்றொன்று அதை எந்த அளவு பாதிக்கலாம் என்பதை டேட்டாபேஸிடம் நாமே சொல்ல முடியும். இதற்குப் பெயர் ஐசொலேஷன் லெவல். 1992-இல் வந்த எஸ்க்யூஎல் தரநிலை இதில் நான்கு படிகளை வகுத்தது. நம் கதைக்கு மேல் மூன்று படிகள் போதும்.

முதலாவது ரீட் கமிட்டட். போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் போன்றவற்றில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் இதுதான் நடப்பில் இருக்கும். எழுதி முடித்து உறுதியானவை மட்டுமே மற்றவர் கண்ணுக்குத் தெரியும் என்பது இதன் விதி. நம் இரண்டு பயணிகளும் கேட்ட நேரத்தில் எதுவும் உறுதியாகவில்லை. அதனால் விதி மீறப்படாமலேயே ஒரே இருக்கை இரண்டு முறை விற்றுப்போகிறது.

அடுத்த படி ரிப்பீட்டபிள் ரீட். பெயரைப் பார்த்து இது காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். போஸ்ட்கிரெஸில் இந்தப் படியில் ஓடும் பரிவர்த்தனை, தான் தொடங்கியபோது டேட்டாபேஸ் எப்படி இருந்ததோ அதையே கடைசிவரை பார்க்கும். இரண்டு பேர் ஒரே வரியைத் திருத்த வந்தால் பிந்தியவரைத் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் இங்கே யாரும் ஒரே வரியைத் திருத்தவில்லை. இருவரும் ஆளுக்கொரு புதிய வரியைச் சேர்க்கிறார்கள். மோதுவதற்குப் பொதுவான வரியே இல்லாததால் இரண்டும் நிறைவேறிவிடும். எழுதும் முன் இன்னொரு முறை சரிபார்த்தாலும் பயனில்லை, தெரிவது அதே பழைய நிலைதான்.

மூன்றாவதும் உச்சப் படியுமானது சீரியலைசபிள். எத்தனை பரிவர்த்தனைகள் ஒன்றாக ஓடினாலும், ஒன்று முடிந்த பிறகே அடுத்தது தொடங்கியதுபோல முடிவு அமைய வேண்டும் என்பது இதன் உறுதி. கவுன்டரில் ஒரே ஒரு முன்பதிவுப் பேரேடு இருந்த காலத்தில், அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே எழுத முடிந்தது. அந்தப் பாதுகாப்பைப் பேரேட்டைக் கைமாற்றக் காத்திருக்காமலே தருகிறது இது. போஸ்ட்கிரெஸ் 2011-இல் வெளியான 9.1 பதிப்பிலிருந்து, ஒவ்வொரு பரிவர்த்தனையும் எதை எழுதியது என்பதோடு எதைப் படித்தது என்பதையும் குறித்துக்கொள்கிறது. ஒருவர் படித்த விடையை மற்றவர் எழுத்தும், மற்றவர் படித்ததை இவர் எழுத்தும் பொய்யாக்கினால், ஒன்றை ரத்து செய்துவிடுகிறது.

இரண்டாம் பயணிக்கான பரிவர்த்தனை இப்படி இருக்கும்:

```sql
BEGIN ISOLATION LEVEL SERIALIZABLE;
SELECT count(*) FROM bookings
 WHERE trip_id = 501 AND seat_no = 14
   AND from_stop < 4 AND to_stop > 2;
INSERT INTO bookings (trip_id, seat_no, from_stop, to_stop)
VALUES (501, 14, 2, 4);
COMMIT;
```

எண்ணிக்கை பூஜ்யம் என்று வந்தால்தான் மென்பொருள் `INSERT` வரிக்குப் போக வேண்டும். முதல் பயணியின் பரிவர்த்தனை முந்திக்கொண்டு முடிந்திருந்தால், இதற்கு 40001 என்ற பிழை எண் வரும். சில சமயம் அது கடைசி `COMMIT` வரியில்கூட வரும். ஆகவே அந்த வரி வெற்றியாக முடியும் வரை பயணியிடம் 'இருக்கை உறுதி' என்று சொல்லக் கூடாது.

40001 வந்தால் பயணிக்குப் பிழைச்செய்தி காட்ட வேண்டியதில்லை. பரிவர்த்தனையை முதல் வரியிலிருந்து மறுபடி ஓட்ட வேண்டும். `INSERT` வரியை மட்டும் திரும்ப ஓட்டினால் சரிபார்க்காமல் எழுதியதாகிவிடும், பழைய தவறு வேறு வழியில் திரும்பி வரும். முதலிலிருந்து ஓட்டும்போது எண்ணிக்கை 1 என்று வரும். அப்போது 'இந்த இருக்கை போய்விட்டது, வேறு எடுங்கள்' என்று பயணியிடம் நேராகச் சொல்லலாம்.

பணம் கட்டும் படியை இந்தப் பரிவர்த்தனைக்குள் வைக்கவே கூடாது. பயணி ஓடிபி வரக் காத்திருக்கும் நிமிடங்கள் முழுவதும் பரிவர்த்தனை திறந்தே கிடந்தால் மோதல்கள் பெருகும். மறுபடி ஓட்டும்போது பணம் இரண்டு முறை பிடிக்கப்படும் ஆபத்தும் உண்டு. முதல் பரிவர்த்தனையில் இருக்கையைப் பத்து நிமிடம்போலத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, காலாவதி நேரத்தையும் சேர்த்து எழுத வேண்டும். பணம் வந்த பிறகு இரண்டாவது பரிவர்த்தனையில் உறுதி செய்ய வேண்டும். பணம் தாமதமாக வந்து, அதற்குள் இருக்கை வேறொருவருக்குப் போயிருந்தால் பணத்தைத் திருப்பித் தருவதே முறை.

இந்தக் காப்புக்கு எல்லைகளும் உண்டு. இருக்கை விற்கும் எல்லா வழிகளும் சீரியலைசபிளில் ஓட வேண்டும். இணையதளம் அப்படி ஓடி, ஏஜென்ட்டின் கவுன்டர் மென்பொருள் ரீட் கமிட்டடில் எழுதினால் ஓட்டை அப்படியே இருக்கும். பயண எண், இருக்கை எண் இரண்டுக்கும் சேர்த்து இன்டெக்ஸ் இல்லையென்றால், டேட்டாபேஸ் அட்டவணை முழுவதையும் படித்ததாகக் குறித்துக்கொள்ளும். அப்போது 14-ஐ எடுப்பவருக்கும் 22-ஐ எடுப்பவருக்கும் இடையில்கூடத் தேவையில்லாமல் மோதல் வரும். 40001 திடீரென்று அதிகமானால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

டேட்டாபேஸை மாற்றினால் படியின் பெயர் ஒன்றாக இருந்தாலும் நடத்தை மாறலாம். மை எஸ்க்யூஎல்லில் சீரியலைசபிள், படிப்பதற்கும் பூட்டுப் போடும். அங்கே நம் இரண்டு பயணிகளின் பூட்டுகளும் ஒன்றையொன்று மறித்துக்கொள்ள, ஒருவருடைய பரிவர்த்தனை 1213 என்ற டெட்லாக் பிழையோடு கைவிடப்படும். அதையும் முதலிலிருந்துதான் ஓட்ட வேண்டும்.

முன்பதிவு மென்பொருளைப் பராமரிப்பவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. சோதனை டேட்டாபேஸில் இரண்டு `psql` ஜன்னல்களைத் திறந்து, மேலே உள்ள வரிகளை ஒன்றில் 1–3, மற்றதில் 2–4 என்று மாற்றிமாற்றி ஒவ்வொரு வரியாக ஓட்டுங்கள். இரண்டு ஜன்னலிலும் `COMMIT` வெற்றி என்று வந்தால், உங்கள் பஸ்ஸில் ஒரே இருக்கை ஏற்கெனவே இருவருக்கு விற்றிருக்க வாய்ப்பு உண்டு. அடுத்த பண்டிகைக்கு முன்பதிவு திறக்கும் முன் அதைச் சரிசெய்துவிடுங்கள்.