ஒரு தாள், 48 நாட்கள்

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குப் பொதுத்தேர்வுக்கு முன் ஊக்க உரை ஏற்பாடு செய்வது இன்று பல பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. பேச வருகிறவர் 'தோல்வியே வெற்றியின் முதல் படி' என்று தொடங்கி, மேதைகளின் கதைகளைச் சொல்லி, கைத்தட்டலோடு முடித்துவிடுவார். மே மாதம் முடிவு வந்த அன்று கைப்பேசியில் 'தேர்ச்சி பெறவில்லை' என்ற வரியைப் பார்க்கிற பிள்ளைக்கு அந்த உரையிலிருந்து ஒன்றும் கைகொடுக்காது. அந்த நேரத்தில் வேண்டியது உற்சாகம் அல்ல, தகவல். எங்கே விட்டோம், எவ்வளவு விட்டோம், எத்தனை நாள் இருக்கிறது, இந்த உடம்பை அதுவரை எப்படி வைத்துக்கொள்வது என்ற தகவல். முத்துப்பேட்டையில் ஒரு பள்ளி மேடை கிடைத்தால் பேச வேண்டியது இதைத்தான் என்பது என் எண்ணம்.

விட்டது எவ்வளவு?

2025-இல் தமிழ்நாட்டில் 7,92,494 பேர் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதினார்கள். 7,53,142 பேர் தேறினார்கள். தேர்ச்சி 95.03 சதவீதம். இந்த உயர்ந்த எண்ணே தேறாத பிள்ளையைக் கூடுதலாக வதைக்கிறது. 'எல்லோரும் பாஸ், நான் மட்டும்' என்று தோன்றிவிடுகிறது. ஆனால் கழித்துப் பார்த்தால் அந்த ஆண்டு தேறாதவர்கள் 39,352 பேர். அது ஒரு நடுத்தர ஊரின் மக்கள்தொகை. தனியாகிவிட்டோம் என்ற நினைப்புக்கு இந்தக் கணக்கே முதல் மருந்து.

அடுத்த கணக்கு மதிப்பெண் பட்டியலில் இருக்கிறது. அதை நிதானமாகப் பார்க்கும் பழக்கம் நம் வீடுகளில் இல்லை. 'ஃபெயில்' என்ற ஒரு சொல்லோடு தாளை மடித்து வைத்துவிடுகிறோம். இயற்பியலை எடுத்துக்கொள்வோம். எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அக மதிப்பீட்டுக்கு 10. தேற வேண்டுமானால் மொத்தத்தில் 35 வேண்டும். எழுத்துத் தேர்வில் மட்டும் குறைந்தது 15 வேண்டும். ஒரு மாணவிக்குச் செய்முறையில் 18, அக மதிப்பீட்டில் 9, எழுத்தில் 13 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 40. மொத்தம் 35-ஐத் தாண்டியும் அவள் தேறவில்லை, எழுத்தில் இரண்டு மதிப்பெண் குறைந்துவிட்டது. அவளுக்கு இயற்பியலே வராது என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். உண்மையில் விட்டது இரண்டே மதிப்பெண். அந்த வினாத்தாளின் முதல் பகுதியில் மட்டும் 15 ஒரு மதிப்பெண் கேள்விகள் இருக்கின்றன. செய்முறை இல்லாத பாடமென்றால் எழுத்து 90, அக மதிப்பீடு 10. எழுத்தில் 25 வேண்டும். அங்கே 24 எடுத்து நின்றுபோகிறவர்களும் உண்டு.

இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். விடைத்தாளின் நகலை அரசுத் தேர்வுகள் இயக்ககத்திடம் விண்ணப்பித்துப் பெறலாம். மறுமதிப்பீடு கேட்பதற்கு மட்டும் அல்ல, எந்த மாதிரித் தவறு என்று அறியவும் அந்த நகல் உதவும். மாணவர் விடும் மதிப்பெண்களைப் பெரும்பாலும் மூன்று வகையில் அடக்கலாம்: அந்தப் பாடத்தையே தொடாமல் விட்டது, படித்தது மறந்தது, தெரிந்தும் நேரம் போதாமல் எழுதாதது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. எது என்று தெரியாமல் 'இந்தத் தடவை நல்லாப் படி' என்று சொல்வது நோய் தெரியாமல் மருந்து கொடுப்பது.

ராமானுஜன் கதையில் விட்டுப்போகும் பகுதி

டெல்டாவில் தோல்வியைப் பற்றிப் பேசினால் கும்பகோணத்து ராமானுஜன் வராமல் இருக்க மாட்டார். கணக்கு மேதை தேர்வில் தோற்றார், பிறகு உலகம் அவரைக் கொண்டாடியது என்று இரண்டு வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். நடந்ததை முழுதாகப் பார்த்தால் பாடம் வேறு. 1904-இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் தேறவில்லை, உதவித்தொகை போயிற்று. 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. தேர்வு எழுதினார், தேறவில்லை. 1907-இல் மீண்டும் எழுதினார், அப்போதும் தேறவில்லை. அவரைக் கவிழ்த்த பாடங்களில் ஒன்று உடலியல் என்பது ஓர் உடல்நலக் கட்டுரையில் சொல்லத்தக்க செய்திதான்.

ஒவ்வொரு தடவையும் அவர் திரும்ப எழுதினார். ஆனால் படிக்கும் விதத்தை மாற்றவில்லை. பிடிக்காத பாடங்கள் அப்படியே கிடந்தன, முடிவும் மாறவில்லை. எஃப்.ஏ. தேர்வை அவர் தேறவே இல்லை. அவரைத் தூக்கிவிட்டது மறுமுயற்சி அல்ல. யாருக்கும் வாய்க்காத ஒரு கணித ஆற்றலும், அதை அடையாளம் கண்ட சிலரும்தான். ஆகவே 'ராமானுஜனே ஃபெயில்தான்' என்று சொல்வது ஆறுதலுக்கு ஆகும், வழிகாட்டுவதற்கு ஆகாது. அவர் கதையிலிருந்து ஒரு மாணவர் எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்றுண்டு: அதே விதமாகப் படித்துத் திரும்ப எழுதுவது இன்னொரு முயற்சி ஆகாது.

மூடிவைத்து எழுதிப் பார்ப்பது

2025-இல் முடிவு மே 8 அன்று வந்தது. துணைத் தேர்வு ஜூன் 25-இல் தொடங்கியது. இடையில் 48 நாட்கள். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தாலும் கடைமடையான முத்துப்பேட்டைப் பக்கம் தண்ணீர் வந்து சேரும் நாளை எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் காலம் அது. வீட்டில் அனல், வாசலில் உறவினர், வாட்ஸ்அப்பில் துபாயிலிருந்து அப்பா. இந்த 48 நாட்களில் ஒரு தாளைத் தேறுவது முடியுமா என்றால், முடியும். ஆனால் கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வாசித்தால் முடியாது.

இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2006-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு தடவை வாசித்தது. இன்னொரு குழு ஒரே தடவை வாசித்துவிட்டு, தாளை மூடிவைத்து, நினைவிலிருப்பதை மூன்று தடவை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முந்தினார்கள்: 83 சதவீதத்துக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழாயிற்று. வாசித்தவர்களுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. வாசிக்கிறபோது 'தெரிகிறது' என்ற நிறைவு வருகிறதே, அதுதான் ஆளை ஏமாற்றுகிறது. எழுதிப் பார்க்கிறபோது தடுமாற்றம் வருகிறது, எரிச்சல் வருகிறது. ஆனால் அந்தத் தடுமாற்றத்தில்தான் நினைவு ஊன்றுகிறது.

நாம் கணக்கிட்ட அந்த மாணவிக்கு இதைப் பொருத்துவோம். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் 11 அலகுகள். முதல் அலகின் பின்னாலுள்ள ஒரு மதிப்பெண் கேள்விகளைப் புத்தகம் பார்க்காமல் ஒரு தாளில் எழுதட்டும். பிறகு திருத்தட்டும். தவறானவற்றை மட்டும் தனியே குறித்து, மூன்றாம் நாள் மறுபடி, ஒரு வாரம் கழித்து மறுபடி. மூன்றாவது சுற்றிலும் தவறுகிற கேள்விகளுக்குப் பதில் மனப்பாடம் செய்யக் கூடாது. அந்தப் பகுதி புரியவில்லை என்று பொருள். ஆசிரியரிடமோ தேறிய தோழியிடமோ கேட்க வேண்டும். தேர்வில் புத்தகத்தின் உள்ளேயிருந்தும் ஒரு மதிப்பெண் கேள்விகள் வரும், அதனால் இவற்றை மட்டும் நம்பி உட்கார முடியாது. தினம் இரண்டு மதிப்பெண் கேள்விகள் இரண்டு, மூன்று மதிப்பெண் கேள்வி ஒன்று என்று சேர்த்துக்கொள்ளலாம். ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து பழைய வினாத்தாளை எடுத்து, காலை பத்து மணிக்கு உட்கார்ந்து, மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் எழுதிப் பழக வேண்டும். நேரம் போதாமல் விட்டவர்களுக்கு இந்தப் பயிற்சிதான் மருந்து.

இரவை விற்றுப் பகலை வாங்க முடியாது

தூக்கத்தைப் பற்றி நம் வீடுகளில் ஒரு தவறான பெருமை இருக்கிறது: 'ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து படிக்கிறான்.' பகலில் படித்ததை மூளை நிலையான நினைவாக மாற்றும் வேலையில் பெரும்பங்கு தூக்கத்தில்தான் நடக்கிறது. பதினேழு வயதுக்கு எட்டு மணி நேரமாவது வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. இரண்டு மணி வரை விழித்திருந்து ஆறு மணிக்கு எழுகிற பிள்ளை, படித்ததைத் தானே அழித்துக்கொண்டிருக்கிறது. தோல்விக்குப் பின் முதல் சில நாட்கள் தூக்கம் வராது, பசிக்காது, நெஞ்சு படபடக்கும். அது அதிர்ச்சிக்கு உடல் காட்டும் இயல்பான எதிர்வினை. அந்த நாட்களில் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம். துணைத் தேர்வுக்குப் பள்ளியில் விண்ணப்பம் கொடுக்கும் கடைசித் தேதியை மட்டும் தவறவிடாமல் இருந்தால் போதும்.

'செல்லம் கொடுத்தால் கெட்டுப்போகும்'

தோல்வியை இப்படி மென்மையாகப் பேசினால் பிள்ளைகளுக்குப் பயம் விட்டுப்போகும் என்று பெற்றோர் சொல்வார்கள். நியாயமான கவலைதான். கலிஃபோர்னியாவில் பிரைன்ஸ், சென் என்ற இருவர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் சோதித்தார்கள். கடினமான சொற்தேர்வில் சறுக்கிய மாணவர்களில் ஒரு பகுதியினரிடம், இப்படிப்பட்ட தேர்வில் தடுமாறுவது பலருக்கும் நடப்பதுதான், உங்களை நீங்களே வதைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொன்னார்கள். அடுத்த தேர்வுக்கு அவர்கள்தான் மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் படித்தார்கள். வெட்கம் ஆளைப் புத்தகத்திடம் அழைத்துப் போவதில்லை, அறைக்குள் பூட்டிவைக்கிறது.

'துணைத் தேர்வில் தேறினால் யார் மதிப்பார்கள்' என்பது இன்னொரு கேள்வி. தேறியவர்கள் அந்த ஆண்டே கலைக் கல்லூரிகளில் காலியிடம் இருந்தால் சேரலாம். பொறியியலுக்குத் துணைக் கலந்தாய்வு இருக்கிறது. விரும்பிய பாடப்பிரிவு கிடைக்காமல் போகலாம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஓர் ஆண்டு வீணாகும் என்பது மட்டும் உண்மையல்ல. படிப்பே ஒத்துவரவில்லை என்றால் பத்தாம் வகுப்புத் தகுதியிலேயே ஐ.டி.ஐ.யும் பாலிடெக்னிக்கும் திறந்திருக்கின்றன.

எப்போது மருத்துவரிடம் போவது?

முதல் வாரத்துச் சோகம் மெல்லத் தணிய வேண்டும். இரண்டு வாரம் கடந்தும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, நண்பர்களின் அழைப்பை எடுப்பதில்லை என்றால் அது படிப்புப் பிரச்சினை அல்ல. 'நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி' என்கிற மாதிரிப் பேச்சு வந்தால், ஆசையாக வைத்திருந்த பொருட்களைத் திடீரென்று பிறருக்குக் கொடுத்தால், இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றே பேச வேண்டும். 'உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா' என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதில்லை. சொல்ல ஓர் ஆள் கிடைத்ததே என்ற ஆறுதல்தான் வரும். அந்த நாட்களில் பிள்ளையைத் தனியே விடாமல், வீட்டு மாத்திரைகளையும் வயலுக்கு வாங்கிய மருந்துகளையும் பூட்டி, சாவியைப் பெரியவர் ஒருவர் வைத்துக்கொள்ள வேண்டும். திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போகலாம். நள்ளிரவானாலும் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசகரிடம் பேசலாம், கட்டணம் கிடையாது. மாணவரே அழைக்கலாம், மாணவருக்காக அம்மாவோ அண்ணனோ அழைக்கலாம்.