ஒரே மாங்கிளையில் இரு வேறு உறவுகள்

மாமரக் கிளையில் வாண்டா ஆர்க்கிட் ஒன்று பற்றி வளர்கிறது. சற்றுத் தள்ளிப் புல்லுருவி கொத்தாக நிற்கிறது. இரண்டுக்கும் பச்சை இலை உண்டு. இரண்டின் வேரும் மண்ணைத் தொடுவதில்லை. அதனால் தேர்வுத்தாளில் ஆர்க்கிட்டையும் ஒட்டுண்ணி என்று எழுதிவிடும் மாணவர்கள் உண்டு.

வேரைப் பார்த்தால் குழப்பம் தீரும். ஆர்க்கிட்டின் வேர்கள் பட்டையின் மேலேயே படர்கின்றன. சில காற்றில் தொங்குகின்றன. வேரைச் சுற்றியுள்ள பஞ்சு போன்ற உறை மழைநீரையும் பனியையும் உறிஞ்சிக்கொள்கிறது. செடியைப் பெயர்த்தெடுத்தால் அடியில் பட்டை முழுதாக இருக்கும். ஆர்க்கிட்டுக்கு வெளிச்சம் படும் இடம் கிடைக்கிறது, மாமரத்துக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இதுவே உடன் உண்ணும் நிலை. குறியீட்டில் எழுதினால் +, 0. அந்தப் பூச்சியத்தைத்தான் நிறுவுவது கடினம்: தொற்றுச்செடிகள் அளவுமீறிப் பெருகினால் கிளை பாரம் தாங்காமல் போகலாம்.

புல்லுருவியின் பழத்தைத் தின்னும் பறவைகள் அதன் பசையுள்ள விதையைக் கிளையில் ஒட்டிவிடுகின்றன. விதை முளைத்ததும் உறிஞ்சு வேர் பட்டையைத் துளைத்து, மரத்தின் நீர்க்குழாய்களை எட்டுகிறது. நீரும் தாது உப்பும் மாமரத்தினுடையவை. உணவை மட்டும் புல்லுருவி தன் பச்சை இலைகளால் தயாரித்துக்கொள்கிறது. ஆகவே இது பகுதி ஒட்டுண்ணி, குறியீடு +, −. ஒட்டிய இடத்தில் கிளை வீங்கியிருக்கும். அதற்கு அப்பாலுள்ள நுனி மெலிந்து காயத் தொடங்கும். புல்லுருவியை மட்டும் ஒடித்தால் உள்ளே எஞ்சிய பகுதியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். வீக்கத்துக்குக் கீழே, மரத்தின் பக்கமாகக் கிளையோடு வெட்ட வேண்டும்.

இரு பக்கமும் லாபம் பெறும் ஒருங்குயிரி நிலையைக் காண நிலக்கடலைச் செடியைப் பிடுங்கிப் பார்க்கலாம். வேர்முடிச்சுகளுக்குள் ரைசோபியம் பாக்டீரியா வாழ்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடி பயன்படுத்தும் வடிவத்துக்கு அது மாற்றித் தருகிறது. செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. குறியீடு +, +. முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் தரும் நிறம் அது. பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் முடிச்சு வேலை செய்யவில்லை. தழைச்சத்து உரம் மிகுதியாக இட்ட நிலத்தில் முடிச்சுகளே குறைந்துவிடும், ஏனெனில் செடிக்குக் கூட்டாளியின் தேவை அங்கே குறைவு.

விடை எழுதும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: குறியீட்டோடு நிறுத்தாதீர்கள். எந்தப் பொருள், யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதை ஒவ்வோர் எடுத்துக்காட்டுக்கும் ஒரு வரியில் எழுதுங்கள்.